611-இல் நின்றுபோன எண்

ஒரு பள்ளியில் 1,200 பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காலாண்டுத் தேர்வு முடிந்து, அத்தனை பேருக்கும் ரேங்க் கார்டு தயாராக வேண்டும். அலுவலக கிளார்க் கணினியில் பட்டனை அழுத்துகிறார். ஒரு கார்டுக்கு அரை விநாடி பிடித்தாலும் மொத்தம் 10 நிமிடம். திரையில் வட்டம் சுற்றுகிறது. ஒரு நிமிடம் ஆனதும் `504 Gateway Time-out` என்று வந்துவிடுகிறது.

பிரவுசருக்கும் மென்பொருளுக்கும் நடுவே பல இடங்களில் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் நிற்கிறது. உள்ளிருந்து 60 விநாடி எதுவும் வராவிட்டால் அது இணைப்பைத் துண்டித்துவிடும். மாற்றி அமைக்காதவரை அதுதான் அதன் இயல்பு. ஆனால் பின்னால் கார்டுகள் தயாராவது பெரும்பாலும் நிற்பதில்லை. கிளார்க்குக்கு அது தெரியாது. மறுபடி அழுத்துகிறார். இப்போது ஒரே வேலை இரண்டாக ஓடி, இரண்டுமே மெதுவாகின்றன.

காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிவைப்பது இதற்குத் தீர்வாகாது. வங்கியில் டோக்கன் கொடுப்பதுபோல, வேலையை வாங்கிக்கொண்டு உடனே ஒரு எண்ணைக் கொடுத்து அனுப்ப வேண்டும்.

```
HTTP/1.1 202 Accepted
Location: /jobs/4817
```

‘202’ என்றால் வேலையை ஏற்றுக்கொண்டேன், இன்னும் முடிக்கவில்லை என்று பொருள். பிறகு பிரவுசர் சில விநாடிகளுக்கு ஒருமுறை அந்த எண்ணைச் சொல்லி நிலவரம் கேட்கும். 10:00:37-க்குத் தொடங்கிய வேலைக்கு இப்படிப் பதில் வரும்:

```
{"done": 430, "total": 1200,
 "last_done": "10:04:12"}
```

‘1,200-இல் 430 முடிந்தது, இன்னும் சுமார் ஆறரை நிமிடம்’ என்று திரையில் காட்ட இது போதும். கிளார்க் மறுபடி அழுத்தினாலும் புது வேலை தொடங்காமல் அதே 4817-ஐத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அடுத்த கேள்வி கொஞ்சம் நுட்பமானது. வேலை நடக்கிறதா, சிக்கிக்கொண்டதா என்று எப்படி அறிவது? பலரும் மென்பொருளுக்குள் ஒரு ‘இதயத்துடிப்பு’ வைக்கிறார்கள். 10 விநாடிக்கு ஒருமுறை, உயிரோடு இருக்கிறேன் என்று அது செய்தி அனுப்பும். ஆனால் அந்தத் துடிப்பை அனுப்பும் பகுதி ஒன்று, கார்டு தயாரிக்கும் பகுதி வேறொன்று. 612-ஆவது பிள்ளையின் புகைப்படம் வராமல் தயாரிப்பு நின்றுபோனாலும் துடிப்பு ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். உயிர் இருக்கிறது, வேலைதான் நடக்கவில்லை. அதனால் நம்ப வேண்டியது துடிப்பை அல்ல, ஒவ்வொரு கார்டும் முடிந்த பிறகே ஏறும் அந்த எண்ணிக்கையை.

கால வரம்பையும் இந்த எண்ணிக்கையோடுதான் கட்ட வேண்டும். அதற்கு இரண்டு கடிகாரங்கள் தேவை. முதலாவது, ஒவ்வொரு கார்டு முடியும்போதும் பூஜ்யத்துக்குத் திரும்பும். 30 விநாடிக்குள் புதிய கார்டு எதுவும் முடியாவிட்டால் வேலை சிக்கிவிட்டது என்று நிறுத்திவிடும். அரை விநாடி வேலைக்கு 30 விநாடி தாராளம்தான். ஆனால் சர்வர் திணறி, ஒரு கார்டுக்கு 25 விநாடி ஆகிறது என்றால்? இந்தக் கடிகாரம் ஒருபோதும் அடிக்காது, வேலையோ எட்டு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். அதற்காகத்தான் இரண்டாவது கடிகாரம். இடையில் எது நடந்தாலும் அது திரும்பாது. 30 நிமிடம் ஆனதும் வேலையை நிறுத்திவிடும்.

நிறுத்தியபின் மறுபடி ஓட்டும்போது முதலிலிருந்து தொடங்கக் கூடாது, 612-இலிருந்து தொடர வேண்டும். இதில் ஓர் ஆபத்து உண்டு. நின்றுவிட்டதாக நாம் நினைத்த பழைய வேலை கொஞ்சம் தாமதித்து எழுந்து வரலாம். கோப்பின் பெயரை மாணவரின் சேர்க்கை எண்ணாக வைத்தால், இரண்டு முறை எழுதினாலும் அதே கோப்பின் மேல்தான் எழுதும், சேதமில்லை. பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது அப்படியல்ல. இரண்டாம் முறை அனுப்பினால் இரண்டாவது செய்தி போய்ச் சேரும். அதனால் யாருக்கு அனுப்பியாயிற்று என்ற பதிவைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை அனுப்ப வேண்டும். அனுப்பியதற்கும் பதிவதற்கும் நடுவே மின்சாரம் போனால், இந்த ஏற்பாடும் கைகொடுக்காது.

இனி அதே கிளார்க்கின் திரையைப் பாருங்கள். 10:05:42-க்கு 611 முடிந்திருக்கிறது. பிறகு எண் நகரவில்லை. 10:06:12-க்குச் செய்தி வருகிறது: ‘611 கார்டுகள் தயார். 612-ஆவது மாணவரின் புகைப்படம் கிடைக்காததால் நிறுத்தப்பட்டது.’ அவர் புகைப்படத்தை ஏற்றிவிட்டு ‘தொடர்க’ என்று அழுத்துகிறார். எண் 612 ஆகிறது.