லாபம் எங்கே கசிகிறது?

'ஒரு காபிக் கடையின் லாபம் குறைந்துவிட்டது. ஏன்?' ஆலோசனை நிறுவனங்களின் இன்டர்ன்ஷிப் நேர்காணலில் இப்படியொரு கேள்வி வரும். உடனே 'விளம்பரம் செய்யலாம்' என்று தீர்வுக்குத் தாவுவதுதான் பலர் செய்யும் பிழை.

முதலில் லாபத்தை வரவு, செலவு என்று பிரித்து எண்களைக் கேளுங்கள். தினமும் 400 பேர் வருகிறார்கள், அதில் மாற்றமில்லை. சராசரி பில் மட்டும் 150 ரூபாயிலிருந்து 135 ஆகிவிட்டது. செலவு அதே 45,000 ரூபாய். ஆக, தினசரி லாபம் 15,000 ரூபாயிலிருந்து 9,000 ஆகியிருக்கிறது.

பொருட்களின் விலை ஏறவில்லை என்பதையும் கேட்டு உறுதிசெய்யுங்கள். அப்படியானால் மூலப்பொருள் செலவு மாறாததால், விற்கும் அளவும் குறையவில்லை, விலைதான் இறங்கியிருக்கிறது. 'தள்ளுபடி தருகிறீர்களா?' என்பதே அடுத்த கேள்வி. ஆம் என்று பதில் வருகிறது.

தள்ளுபடியை நிறுத்தினால் கூட்டம் குறையுமே? ஒருவருக்கான பொருள் செலவு 50 ரூபாய். வாடகை, சம்பளம் உள்ளிட்ட நிலையான செலவு 25,000. பழைய விலையில் ஒருவரிடம் 100 ரூபாய் மிஞ்சும். எனவே 340 பேர் வந்தாலே இன்றைய லாபம் கிடைத்துவிடும். 60 பேருக்கு மேல் விலகுவார்களா என்பதை ஒரு கிளையில் சோதித்துப் பார்க்கச் சொல்லி முடிக்கலாம்.