சாவிக் கொத்தோடு பொறுப்பு கைமாறிவிடுமா?

அடுக்ககச் சங்கத்துக்குச் செயலர் கிடைப்பதுதான் கஷ்டம், விலகுவதற்கு ஒரு வாட்ஸ்ஆப் செய்தி போதும் என்று பலர் நினைக்கிறார்கள். "சொந்தக் காரணங்களால் பொறுப்பிலிருந்து விலகுகிறேன், ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி" என்று குழுவில் போட்டுவிட்டு, சாவிக் கொத்தை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த மாதம் செக்யூரிட்டி ஏஜென்சிக்குக் காசோலை போட அவர் கையெழுத்துதான் வேண்டியிருக்கும். வங்கியின் ஓடிபி அவர் கைபேசிக்குத்தான் போகும். மாவட்டப் பதிவாளர் அலுவலகக் கோப்பில் செயலர் என்று அவர் பெயர்தான் இருக்கும். சங்கத்தின் மேல் ஒரு நோட்டீஸ் வந்தால் அதுவும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

தமிழ்நாட்டில் பெரும்பாலான அடுக்ககச் சங்கங்கள் 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. அதனால் செயலர் விலகுவது என்பது நான்கு வீட்டுக்காரர்களுக்குள் பேசி முடிக்கிற விஷயம் இல்லை. முதலில் தலைவருக்குத் தேதியிட்ட ராஜினாமா கடிதம் போக வேண்டும். செயற்குழு கூடி அதை ஏற்க வேண்டும். எந்தத் தேதியிலிருந்து விலகல், அடுத்து யார், கணக்கை யாரிடம் ஒப்படைப்பது என்ற மூன்றும் தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். காலியிடத்தைச் செயற்குழுவே நிரப்பலாமா, பொதுக்குழுவைக் கூட்ட வேண்டுமா என்பது உங்கள் சங்கத்தின் துணைவிதியில் இருக்கும். கடிதம் எழுதும் முன் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுவது நல்லது. பல செயலர்கள் துணைவிதியை முதன்முதலாகத் திறப்பதே விலகும் வாரத்தில்தான்.

இதில் சாமர்த்தியம் தேவைப்படுவது தேதியில். மாதத்தின் நடுவில் 17-ஆம் தேதி கணக்கை முடிக்கிறேன் என்றால் பாதி வீடு மெயின்டனன்ஸ் கட்டியிருக்கும், பாதி கட்டியிருக்காது. ஊழியர் சம்பளம் அரைகுறையாக நிற்கும். மாதக் கடைசி நாளை முடிவுத் தேதியாக வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். அதுவரை நடந்த வரவு செலவுக்குப் பழையவர் பதில் சொல்வார், மறுநாளிலிருந்து புதியவர்.

எப்படி முடிப்பது என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். சென்னையில் 36 வீடுகள், வீட்டுக்கு மாதம் 3,500 ரூபாய் மெயின்டனன்ஸ், ஜூன் 30 முடிவுத் தேதி. அன்று பாஸ்புக்கில் இருப்பது 2,86,400 ரூபாய். செயலர் எழுதும் கணக்குப் புத்தகத்திலோ 2,01,400 ரூபாய். இடையில் 85,000 ரூபாய் வித்தியாசம். பொதுக்குழுவில் யாராவது எழுந்து, "சார், அந்த எண்பத்தஞ்சாயிரம் எங்கே?" என்று கேட்க இது ஒன்று போதும்.

உண்மையில் பணம் எங்கும் போகவில்லை. ஜூன் 28 அன்று லிஃப்ட் பராமரிப்புக்கு 27,500 ரூபாய்க்கும், செக்யூரிட்டி ஏஜென்சிக்கு 54,000 ரூபாய்க்கும் காசோலை கொடுத்தாயிற்று. புத்தகத்தில் செலவு எழுதியாயிற்று. அவர்கள் இன்னும் வங்கியில் போடவில்லை. அது 81,500. மீதி 3,500 ரூபாய் யாரோ ஒரு வீட்டுக்காரர் யுபிஐயில் அனுப்பியது. வீட்டு எண்ணைக் குறிப்பிடவில்லை, பெயரைப் பார்த்தால் வாடகைக்கு இருப்பவரின் உறவினர் போலத் தெரிகிறது, யார் கணக்கில் வைப்பது என்று தெரியாமல் புத்தகத்தில் ஏற்றாமல் விட்டிருக்கிறார். இரண்டையும் கூட்டினால் 85,000 சரியாக வருகிறது. வங்கிச் சரிக்கட்டல் பட்டியல் என்று ஆடிட்டர்கள் சொல்வது இந்த ஒற்றைத் தாளைத்தான். இதற்கு ஆடிட்டர் வர வேண்டியதில்லை. பாஸ்புக்கும் காசோலை அடிக்கட்டையும் பக்கத்தில் இருந்தால் ஒரு மாலைப்பொழுதில் போட்டுவிடலாம்.

அடுத்தது கையில் உள்ள ரொக்கம். பல்பு, பினாயில், எலக்ட்ரீஷியன் கூலி என்று சில்லறைச் செலவுக்கு 5,000 ரூபாய் வைத்திருப்பார். அதில் 740 ரூபாய்க்கு வவுச்சர் இருந்தால் 4,260 ரூபாய் நோட்டாகவும் நாணயமாகவும் இருக்க வேண்டும். இரண்டு பேர் முன்னால் எண்ணிக் கொடுத்து அந்தத் தாளிலேயே எழுதிவிடலாம்.

ஆக வங்கியும் ரொக்கமும் சேர்த்து 2,05,660 ரூபாய் என்று புதியவர் சந்தோஷப்பட முடியாது. தண்ணீர் லாரிக்காரருக்கு ஜூன் மாதப் பாக்கி 18,200 இருக்கிறது. ஒரு வீட்டுக்காரர் ஏப்ரலிலேயே முழு ஆண்டுக்கும் கட்டிவிட்டார். அதில் ஜூலை முதல் மார்ச் வரையிலான ஒன்பது மாதத் தொகை 31,500, இனி வரும் மாதங்களுக்கு உரியது. இரண்டையும் கழித்தால் சங்கம் தாராளமாகச் செலவழிக்கக்கூடியது 1,55,960 ரூபாய்தான். இந்தக் கடைசி எண்ணைப் பழைய செயலர் சொல்லாமல் போனால், புதியவர் முதல் மாதமே பெயின்ட் வேலைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு மூன்றாம் மாதம் முழிப்பார். வரவேண்டிய நிலுவைப் பட்டியலும் வீட்டு எண், மாதம், தொகை வாரியாக வேண்டும். "பி பிளாக்கில் ரெண்டு மூணு பேர் தரணும்" என்று வாயால் சொல்லிவிட்டுப் போனால் அந்தப் பணம் பெரும்பாலும் வராது.

கார்பஸ் நிதி ஃபிக்சட் டெபாசிட்டில் இருந்தால் அசல் ரசீது, முதிர்வுத் தேதி, தானாகப் புதுப்பிக்கச் சொல்லியிருக்கிறதா என்ற விவரம், எல்லாம் தர வேண்டும். அது சங்கத்தின் பெயரில் இருக்கிறதா என்பதைப் புதியவர் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வங்கியில் கையெழுத்து மாற்றுவதற்குத் தீர்மானத்தின் நகல், புதிய பொறுப்பாளர்களின் அடையாளச் சான்றுகள், மாதிரிக் கையெழுத்து ஆகியவற்றை வங்கிகள் கேட்கும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. மேலே சொன்ன இரண்டு காசோலைகளிலும் இருப்பது பழைய செயலரின் கையெழுத்து. காசோலை மூன்று மாதம் செல்லும் என்பதால் லிஃப்ட்காரர் ஆகஸ்டில்கூடப் போடலாம். அதற்குள் வங்கியில் கையெழுத்து மாறிவிட்டால் காசோலை திரும்பி வரும் வாய்ப்பு இருக்கிறது. ஆகவே கொடுத்துப் பணமாகாத காசோலைகளின் எண்களை வங்கிக்குத் தரும் கடிதத்திலேயே எழுதிக் கேட்டுக்கொள்ளலாம். அல்லது அவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதியது தரலாம். மீதமுள்ள காசோலைத் தாள்களை முதல் எண், கடைசி எண் குறித்து ஒப்படைக்க வேண்டும். "வங்கி வேலை முடிகிற வரைக்கும் பத்து தாளில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துடுங்க சார்" என்று அன்பாகக் கேட்பார்கள். செய்யவே கூடாது.

முன்பெல்லாம் இத்தோடு முடிந்திருக்கும். இப்போது சங்கத்தின் பாதி அலுவல் ஒருவரின் சொந்தக் கைபேசி எண்ணில் தொங்குகிறது. இணைய வங்கிச் சேவை, வருமான வரித் தளத்தில் சங்கத்தின் பான், டிடிஎஸ்ஸுக்கான டான், பொது மின் இணைப்புக்கு வரும் எஸ்எம்எஸ், மெயின்டனன்ஸ் வசூலிக்கும் செயலி, சிசிடிவி பதிவுப் பெட்டி என எல்லாவற்றிலும் செயலரின் எண்ணைக் கொடுத்திருப்பார்கள். இவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து எண்ணை மாற்ற வேண்டும். மாற்றும்போது பழைய எண்ணுக்கும் ஓடிபி வரலாம் என்பதால் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து செய்வதே வழி. பழையவர் பிள்ளை வீட்டுக்கு அமெரிக்கா போய், இந்திய சிம் அணைந்துபோன பிறகு செய்ய நினைத்தால் படாத பாடு படவேண்டிவரும்.

டிடிஎஸ்ஸைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. ஜூனில் ஏஜென்சிக்குக் கொடுத்த தொகையில் பிடித்த வரியை ஜூலை 7-க்குள் கட்ட வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டு விவரத்தை ஜூலை 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். பிடித்தவர் பழையவர், கட்ட வேண்டியவர் புதியவர். சொல்லாமல் விட்டால் வட்டியும் தாமதக் கட்டணமும் சங்கத்தின் தலையில் விழும்.

சாவி விஷயத்தில் ஒன்றைத்தான் வலியுறுத்த வேண்டும்: கொத்தாகக் கொடுக்காதீர்கள். ஒரே மாதிரிப் பித்தளைச் சாவி பதினைந்து இருக்கும். எது மோட்டார் அறை, எது மொட்டை மாடி, எது மீட்டர் அறை என்று வாட்ச்மேனுக்கும் கடந்த செயலருக்கும் மட்டும் தெரியும். அதில் ஒன்று சாவி மாதிரியே இருக்காது. நுனி முக்கோணமாக, குழாய் போல இருக்கும். மின்சாரம் போய் யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால் வெளிக்கதவைத் திறக்கும் சாவி அது. அதை யார் கையாளலாம் என்பதை லிஃப்ட் நிறுவனத்தாரிடம் கேட்டுப் பட்டியலில் எழுத வேண்டும். மற்றவற்றுக்கு ஒரு அட்டைத் துண்டும் நூலும் போதும். ஒவ்வொரு சாவியையும் பூட்டில் போட்டுத் திருப்பிக் காட்டிய பிறகு புதியவர் டிக் போடட்டும். திறக்காத சாவி இரண்டு மூன்றாவது கிடைக்கும்.

காகிதங்களில் அசலாக இருக்க வேண்டியவை பதிவுச் சான்றிதழ், துணைவிதி, தீர்மானப் புத்தகங்கள், உறுப்பினர் பதிவேடு, அனுமதி பெற்ற கட்டட வரைபடம், லிஃப்ட் உரிமம், நடப்பு ஒப்பந்தங்கள். ஏதாவது இல்லை என்றால் "இல்லை" என்றே பட்டியலில் எழுதலாம். தனக்கு முன் இருந்தவர் தராத வரைபடத்தைத் தானே தொலைத்ததாகப் பழி ஏற்க வேண்டியதில்லை.

எல்லாம் ஒழுங்காக இருந்தும் வாங்க ஆள் வராத சங்கங்கள் உண்டு. "அஞ்சு வருஷக் கணக்கையும் சரிபார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன்" என்று புதிய குழு சொல்லும். அவர்கள் போடும் கையெழுத்து, பொருள் கைக்கு வந்தது என்பதற்குத்தான். கணக்கு சரி என்று ஒப்புக்கொள்வதற்கு அல்ல. "பெற்றுக்கொண்டேன், தணிக்கைக்கு உட்பட்டு" என்று எழுதிப் போடச் சொன்னால் பெரும்பாலானோர் இறங்கி வருவார்கள். அப்படியும் வாங்க மறுத்தால், பட்டியலை ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் தலைவருக்கு அனுப்பி, என்றைக்கு எங்கே வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று எழுதலாம். அதே சமயம், தான் கைக்காசு போட்டுச் செய்த செலவு திரும்ப வரவில்லை என்பதற்காகப் பழைய செயலர் புத்தகங்களைப் பிடித்து வைத்துக்கொள்வதும் தவறு. அந்தத் தொகையை ரசீதுகளோடு சங்கம் தரவேண்டிய பாக்கி என்று பட்டியலில் சேர்த்துவிட்டுப் புத்தகங்களைக் கொடுத்துவிடுவதே முறை.

கடைசியில் மாவட்டப் பதிவாளர். நிர்வாகக் குழுவில் ஏற்பட்ட மாற்றத்தைப் படிவம் 7-இல் மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அது புதிய குழுவின் வேலை. ஆனால் செய்யாவிட்டால் கோப்பில் நிற்கப்போவது உங்கள் பெயர். விலகும் செயலர்களே, ஒப்படைப்புப் பட்டியலின் ஒரு பிரதியையும், படிவம் தாக்கல் செய்ததற்கான அத்தாட்சியின் நகலையும் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.