எஞ்சிய வாடகை முழுவதும் ஒரே நாளில் கேட்கப்பட்டால்

தோட்டத்தை விட்டு வெளியேறி, சிறு பட்டணத்தில் ஒரு கடையை வாடகைக்கு எடுத்து உணவுக்கடையோ மளிகைக்கடையோ நடத்தும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அவர்கள் கையொப்பமிடும் வாடகை ஒப்பந்தங்கள் சிலவற்றில் ஒரு விதி காணப்படுகிறது. "வாடகை தவறினால், ஒப்பந்தக் காலத்தில் எஞ்சியிருக்கும் வாடகை முழுவதையும் உடனே கட்ட வேண்டும்" என்பதே அது. இவ்விதிக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை என்ன என்பதை இன்று பார்ப்போம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு தம்பதியர் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் மாதம் 1,200 ரிங்கிட் வாடகைக்குக் கடை எடுக்கிறார்கள். வைப்புத்தொகையாக இரண்டு மாத வாடகை, அதாவது 2,400 ரிங்கிட் கொடுக்கிறார்கள். பத்து மாதம் ஒழுங்காகக் கட்டியபின் கணவர் நோயில் படுக்கிறார். அடுத்த இரண்டு மாத வாடகை நின்றுபோகிறது. பன்னிரண்டாம் மாத முடிவில் சாவியை ஒப்படைக்கிறார்கள். பிறகு ஒரு வழக்கறிஞர் கடிதம் வருகிறது. பாக்கி இரண்டு மாதமும் எஞ்சிய இருபத்து நான்கு மாதமும் சேர்த்து 31,200 ரிங்கிட் கட்ட வேண்டும் என்கிறது.

கையொப்பமிட்டுவிட்டோமே, இனி என்ன செய்வது என்று அவர்கள் கலங்குவது இயல்பு. ஆனால் இந்தத் தொகையில் இருவேறு பகுதிகள் உள்ளன. கடையைப் பயன்படுத்திய இரண்டு மாதத்துக்கான 2,400 ரிங்கிட் உண்மையான கடன். அதைக் கொடுக்கத்தான் வேண்டும். வராத மாதங்களுக்கான 28,800 ரிங்கிட்டோ, ஒப்பந்தத்தை மீறியதற்காகக் கேட்கப்படும் தொகை. அதற்கு 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு எல்லை வகுக்கிறது. மீறினால் இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். எழுதிய தொகை அதன் உச்சவரம்பு என்பதே அதன் சாரம். கூரை எவ்வளவு உயரம் என்பதை ஒப்பந்தம் சொல்லுகிறது. கூரைவரை நிரப்ப வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

அப்படியானால் நியாயமான இழப்பீட்டை எப்படிக் கணக்கிடுவது? கடை உரிமையாளருக்கு என்ன நேர்ந்தது என்று பார்க்க வேண்டும். கடை மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த நட்டம் 3,600 ரிங்கிட். பிறகு வேறொருவர் 1,100 ரிங்கிட்டுக்கு வந்தார். எஞ்சிய இருபத்தொரு மாதத்துக்கு மாதம் நூறு வீதம் குறைவு 2,100 ரிங்கிட். பழைய பாக்கியையும் சேர்த்தால் 8,100. வைப்புத்தொகையைக் கழித்தால் 5,700 ரிங்கிட். கடிதத்தில் கேட்டதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்! ஒரே கடைக்கு ஒரே மாதத்தில் இருவரிடம் முழு வாடகை வாங்குவது இழப்பீடு ஆகாது. நட்டத்தைக் குறைக்க உரிமையாளருக்கு இருந்த வழிகளையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ளும்.

இங்கே ஒரு முக்கியமான மாற்றத்தை நாம் அறிந்திருக்க வேண்டும். 1995-இல் கூட்டரசு நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, இழப்பீடு கேட்பவரே பொதுவாகத் தம் நட்டத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது. 2018-இல் கியூபிக் எலெக்ட்ரானிக்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம் வேறுவிதமாகக் கூறியது. உண்மை நட்டத்தை நிரூபிப்பது எப்போதும் கட்டாயமில்லை. கேட்டவருக்கு அந்த விதியால் காக்க வேண்டிய நியாயமான நலன் உண்டா, தொகை அதற்கு ஏற்ற அளவில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். தொகை நியாயமற்றது என்று காட்டும் பொறுப்பு ஒப்பந்தத்தை மீறியவருடையது என்றது. ஆகவே, உரிமையாளர் இந்த வாடகைக்காரருக்கென்றே பெருஞ்செலவு செய்து கடையை மாற்றியமைத்திருந்தால், நம் உதாரணக் கணக்கைவிட அதிகம் கிடைக்கவும் கூடும்.

ஆதலால் வாடகைக்காரர் வாய்மூடி இருந்தால், சட்டம் தானாக வந்து உதவாது. சாவி கொடுத்த நாளை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். புதியவர் கடை திறந்த நாளைக் குறித்துவையுங்கள். பெயர்ப்பலகையோடு ஒரு படமும் எடுத்துவையுங்கள். அந்த வரிசையில் மற்றக் கடைகளின் வாடகை என்ன என்று விசாரியுங்கள். வாடகை ரசீதுகளையும் வைப்புத்தொகைச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

நீதிமன்றத்திலிருந்து சமன் வந்தால், அதில் குறித்த தேதியைத் தவறவிடலாகாது. நாம் போகாவிட்டால், எதிர்ப்பு இல்லை என்று 31,200 ரிங்கிட்டுக்கே தீர்ப்பு எழுதப்பட இடமுண்டு. கடிதத்தையும் ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு, ஒரு வழக்கறிஞரையோ அரசாங்கச் சட்ட உதவி அலுவலகத்தையோ தேதிக்கு முன்பே அணுகுங்கள்.