ஹஷிக்குப் பக்கத்தில் ஓர் எண்

ஜப்பானிய மொழிக்கான நல்ல அகராதிகள் சிலவற்றில், ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும் ஒரு சிறிய எண் அச்சாகியிருக்கும். 'ஹஷி' என்ற சொல்லைத் தேடினால் மூன்று பதிவுகள் கிடைக்கும். சாப்பிடும் குச்சிக்கு 1, பாலத்துக்கு 2, ஓரம் என்ற பொருளுக்கு 0. மூன்றுக்கும் எழுத்தொலி ஒன்றுதான். குரல் எந்த இடத்தில் கீழே இறங்குகிறது என்பதையே அந்த எண் சொல்கிறது.

ஜப்பானியர்களும் நம்மைப் போல மாத்திரைக் கணக்கில் பேசுகிறவர்கள். 'ஹ', 'ஷி' இரண்டும் ஆளுக்கொரு மாத்திரை. எண் 1 என்றால் முதல் மாத்திரை மேலே நின்று, அடுத்தது சட்டென்று இறங்கும். அது குச்சி. எண் 2 என்றால் 'ஹ' கீழே தொடங்க, 'ஷி' மேலே ஏறும். இறக்கம் அதற்குப் பிறகுதான். எண் 0 என்றால் கீழே தொடங்கி ஏறிய குரல் இறங்குவதே இல்லை.

அப்படியானால் பாலமும் ஓரமும் தனித்துச் சொல்லும்போது ஒன்றுபோலத்தானே கேட்கும்? ஆம், அநேகமாக ஒன்றுபோலத்தான் கேட்கும். வேறுபாடு வெளிப்பட வேண்டுமானால் பின்னால் ஓர் உருபு சேர வேண்டும். எழுவாயைக் காட்டும் 'கா' என்ற உருபைச் சேர்த்துப் பாருங்கள். பாலம் என்றால் 'கா' கீழே விழும். ஓரம் என்றால் 'கா'வும் மேலேயே நிற்கும். சொல்லுக்குள் ஒளிந்திருந்த இறக்கம் உருபின்மேல் வந்து தெரிகிறது.

தோக்கியோ ஜப்பானியத்தில் ஒரு சொல்லுக்குள் இப்படி ஓர் இறக்கம்தான் வரலாம். சிலவற்றில் அதுவும் இல்லை. இறக்கம் எங்கே என்று தெரிந்துவிட்டால் மற்ற மாத்திரைகளின் ஏற்ற இறக்கத்தை விதிகளே சொல்லிவிடும். அதனால்தான் அகராதிக்கு ஒரே ஓர் எண் போதுமானதாக இருக்கிறது. இதைத்தான் சுருதி அழுத்தம் என்கிறார்கள்.

சீன மொழியில் அப்படி ஓர் எண் போதாது. பெய்ஜிங் வழக்கில் 'மை' என்பதைத் தாழ்ந்து வளைந்த குரலில் சொன்னால் 'வாங்கு'. மேலிருந்து செங்குத்தாக இறக்கிச் சொன்னால் 'விற்றுவிடு'. தட்டையாக உயர்ந்து நிற்பது, கீழிருந்து ஏறுவது என்று இன்னும் இரண்டு தொனிகள் உண்டு. ஒவ்வோர் அசையும் இந்த நான்கில் ஒன்றைத் தனக்கென வைத்திருக்கும். ஆகவே ஈரசைச் சொல்லுக்குப் பதினாறு வடிவங்கள், மூவசைச் சொல்லுக்கு அறுபத்து நான்கு வடிவங்கள் கணக்கில் வருகின்றன. பக்கத்து அசைகள் ஒன்றையொன்று பாதித்து இதில் சில மங்கிப்போகும் என்பது உண்மைதான். இருந்தாலும், மூன்று மாத்திரைப் பெயர்ச்சொல்லுக்கு நான்கே வடிவங்கள் உள்ள ஜப்பானியத்தோடு ஒப்பிட்டால் இடைவெளி புரியும். முழுத் தொனி மொழி என்பது இதுதான்.

ஆங்கிலத்தின் வழி வேறு. 'ரெக்கார்ட்' என்பதில் முதல் அசையை அழுத்தினால் பதிவு என்ற பெயர்ச்சொல். இரண்டாவதை அழுத்தினால் பதிவு செய் என்ற வினை. அழுத்தம் பெற்ற அசை நீளும், ஓங்கும், உயிரொலி தெளியும். அழுத்தமில்லாத அசையின் உயிரொலி மங்கும். சுருதியும் இதில் சேர்ந்துகொள்ளும், ஆனால் அது சொல்லுக்குச் சொந்தமில்லை. பெயர்ச்சொல்லையே 'ரெக்கார்டா?' என்பதுபோல் கேள்வியாகக் கேட்டால், அழுத்தம் பெற்ற முதல் அசை தாழ்ந்து, அழுத்தமில்லாத கடைசி அசை உயரும். சுருதி தலைகீழானாலும் சொல் மாறவில்லை. குச்சி என்ற 'ஹஷி'யை ஜப்பானியர் கேள்வியாகக் கேட்கும்போது அப்படி நடக்காது: முதலில் அந்த இறக்கம் வந்தே தீரும், பிறகுதான் கேள்வியின் ஏற்றம். சீனத்திலும் தொனியின் வடிவம் கேள்வியில் அழியாது. ஒரு மொழி எந்த வகை என்று ஐயம் வந்தால், சொல்லைக் கேள்வியாக்கிப் பார்ப்பது நம்பகமான சோதனை.

சுருதி அழுத்தத்துக்கு எல்லையும் உண்டு. கியோத்தோவில் மேலிருந்து கீழிறங்கும் 'ஹஷி' பாலம். தோக்கியோக்காரருக்கு அதே குரல் குச்சி. இபராக்கி, தொச்சிகி மாநிலங்களின் பெரும்பகுதியில் இந்த வேறுபாடே இல்லை. இருந்தும் எல்லாரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்கிறார்கள், சூழல் கைகொடுக்கிறது. சீனத்தில் தொனியை எடுத்துவிட்டால் இவ்வளவு எளிதாகச் சமாளிக்க முடியாது. ஒரே ஒலியில் மோதும் சொற்கள் அங்கே மிக அதிகம். சுருதி அழுத்தம் தனி வகையே அல்ல, தொனிக்கும் அழுத்தத்துக்கும் உரிய கூறுகளின் பலவிதக் கலவைதான் என்று லாரி ஹைமன் போன்ற மொழியியலாளர்கள் வாதிடுகிறார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

தமிழில் சொல்லின் பொருளைச் சுருதி மாற்றுவதில்லை. 'வந்தான்' என்பதை எப்படி இழுத்தாலும் வந்தவன்தான். அதனால் ஜப்பானியம் கற்கும் நம்மவர் காதுக்கு அந்த இறக்கம் முதலில் எட்டாது. பெயர்ச்சொற்களைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். முதல் நாளிலிருந்தே 'கா' சேர்த்து, வாய்விட்டுச் சொல்லிப் படியுங்கள்.