அசையும் உப்பு, அசையா உப்பு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரி போகிறவர்கள் மரக்காணம் வந்ததும் வண்டியை ஓரங்கட்டுவார்கள். சாலையை ஒட்டிப் பாத்தி பாத்தியாக உப்பளம். வரப்பில் வெள்ளைக் குவியல்கள். கைப்பேசி வெளியே வரும். முப்பது நொடி வீடியோ எடுத்து, ஒரு பாட்டைச் சேர்த்து, 'உப்பு இப்படித்தான் விளைகிறது' என்று தலைப்பும் போட்டு ரீல்ஸில் ஏற்றிவிடுவார்கள். அதைப் பார்த்து முடித்தவரிடம் 'உப்பு எப்படி விளைகிறது?' என்று கேட்டுப் பாருங்கள். 'கடல் தண்ணீரை வெயிலில் காய வைக்கிறார்கள்' என்பார். வீடியோ பார்ப்பதற்கு முன்பும் அவருக்கு அவ்வளவு தெரியும்.

படம் நன்றாகத்தான் இருக்கிறது. எடுத்துக்கொண்ட விஷயம்தான் வீடியோவுக்கு உரியதல்ல. ஒரே உப்பளத்தில் வீடியோ கேட்கும் விஷயமும் இருக்கிறது, ஒற்றைப் படம் கேட்கும் விஷயமும் இருக்கிறது, விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் கேரசல் கேட்கும் விஷயமும் இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் ஒரே பதிவில் பத்துப் படம் வரை அடுக்கும் வசதி 2017 பிப்ரவரியில் வந்தது. பிறகு அது இருபதானது. குறும்வீடியோவுக்கான ரீல்ஸ் 2020இல் வந்தது. அன்றிலிருந்து எதை எதில் போடுவது என்ற குழப்பமும் கூடவே இருக்கிறது.

இந்த மூன்றும் நேரத்தை வெவ்வேறு விதமாகக் கையாள்கின்றன. வீடியோவில் நேரம் எடுத்தவர் கையில். காட்சி வந்த வேகத்தில் போய்விடும். கேரசலில் நேரம் பார்ப்பவர் விரலில். புரிந்த பிறகு அவர் தள்ளுவார், ஆனால் தள்ளியதும் முந்தைய படம் கண்ணை விட்டு மறைந்துவிடும். ஒற்றைப் படத்தில் எல்லாம் ஒரே சமயத்தில் கண்முன் நிற்கும். கண் எங்கும் போகலாம், திரும்பவும் வரலாம். ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி: நாம் சொல்ல வந்த செய்தி அசைவில் இருக்கிறதா, வரிசையில் இருக்கிறதா, ஒப்பீட்டில் இருக்கிறதா?

அசைவிலிருந்து தொடங்குவோம். பாத்தியில் உப்பு விளைந்தபின் அதை வாருவார்கள். நீண்ட கழியின் முனையில் குறுக்குப் பலகை. கலங்காத நீருக்கு அடியில் உப்பு ஒரு படலமாகக் கிடக்கிறது. அதற்கும் கீழே களிமண் தரை. பலகை மேலோட்டமாகப் போனால் உப்பு வராது. ஆழமாக அழுத்தினால் சேறும் சேர்ந்து வந்து உப்பு பழுப்பேறிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே கை எவ்வளவு அழுத்துகிறது, இடுப்பு எப்படி வளைகிறது, கால் எங்கே பின்வாங்குகிறது என்பதில்தான் அந்த வேலை இருக்கிறது. இதைப் புகைப்படம் எடுத்தால் கழி பிடித்த ஒருவர் நிற்பது மட்டும் தெரியும்.

1973இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குன்னார் யோஹான்சன் இதை ஒரு எளிய சோதனையால் காட்டினார். மனிதர்களின் மூட்டுகளில் பத்துப் பன்னிரண்டு சிறு ஒளிப்புள்ளிகளைப் பொருத்தி, இருட்டில் நடக்கவிட்டுப் படமெடுத்தார். படத்தை நிறுத்தி வைத்தால் அது அர்த்தமற்ற புள்ளிக்கூட்டம். ஓடவிட்டால், ஒரு நொடிகூட ஆகாமல் 'ஆள் நடக்கிறார்' என்று பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிட்டது. உருவமே இல்லை, அசைவு மட்டும்தான் செய்தி. வீடியோவுக்கு உரிய விஷயம் எது என்பதற்கு இதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம். எடுத்த வீடியோவை எங்காவது நிறுத்துங்கள். நிறுத்தியதும் செய்தி செத்துவிட்டால் அது வீடியோவுக்கு உரியது. உப்பு வாரும் வேலை இதில் தேறும். அதை எடுக்கும்போது கேமரா அசையக் கூடாது, பாட்டும் வேண்டாம். பலகை உப்பில் உராயும் ஒலியும் காதுக்கு ஒரு செய்திதான்.

இப்போது அதே பாத்தியில் நடக்கும் வேதியியலுக்கு வருவோம். கடல்நீரை ஒரே பாத்தியில் விட்டு முழுக்கக் காய வைத்தால் அதிலுள்ள எல்லாம் கலந்து ஒரு கசப்புக் கட்டிதான் மிஞ்சும். சமையல் உப்பைத் தனியே பிரிக்க, வெவ்வேறு உப்புகள் வெவ்வேறு அடர்த்தியில் படியும் இயல்பைப் பயன்படுத்துகிறார்கள். அடர்த்தியை 'டிகிரி' கணக்கில் அளக்கிறார்கள். போமே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் பெயரில் அமைந்த அளவு அது. சாதாரணக் கடல்நீர் ஏறக்குறைய மூன்றரை டிகிரி. தேக்கத்தில் காய்ந்து பதின்மூன்று டிகிரியை எட்டும்போது ஜிப்சம் படியத் தொடங்கும். இருபத்தைந்தைத் தாண்டியதும் சமையல் உப்பு. முப்பதை நெருங்கும்போது மக்னீசியம் உப்புகள் மிகுந்து கசப்பேறும். அதற்குள் மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும்.

இது வீடியோவானால் என்ன ஆகும்? ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையே நாட்கணக்கில் இடைவெளி. கண்ணுக்கோ நான்கு இடத்திலும் தெரிவது தண்ணீர்தான். அசைவே இல்லாத இடத்தில் கேமராவை அசைத்து ஈடுகட்டுவார்கள். பின்னணிக் குரல் எண்களை அடுக்கிக்கொண்டே போகும். பதின்மூன்று என்ன என்று பார்ப்பவர் யோசிப்பதற்குள் இருபத்தைந்து வந்துவிடும். 2001இல் ரிச்சர்ட் மேயரும் பால் சாண்ட்லரும், மின்னல் உண்டாகும் விதத்தைச் சொல்லும் 140 நொடி அசைபடத்தைப் பதினாறு துண்டுகளாக்கி, பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த துண்டு வரும்படி செய்து மாணவர்களிடம் சோதித்தார்கள். துண்டு துண்டாகத் தாமே நகர்த்திப் பார்த்துத் தொடங்கியவர்கள், கற்றதைப் புதிய கேள்விகளுக்குப் பயன்படுத்துவதில் மேலோங்கினார்கள். படமும் குரலும் இரு தரப்புக்கும் ஒன்றுதான். நிறுத்தி மூச்சுவிடும் உரிமை மட்டும் கூடுதல். கேரசல் தருவது அந்த உரிமையைத்தான்.

ஆகவே மரக்காணம் உப்பின் கேரசலை இப்படி அமைக்கலாம். முதல் படத்தில் ஒரு கேள்வி: 'கடல்நீரை அப்படியே காய வைத்தால் ஏன் கசக்கும்?' இரண்டாவதில் ஆயிரம் லிட்டர் கடல்நீர். மூன்றாவதில் அது சுமார் 190 லிட்டராகச் சுண்டியிருக்கும்; ஜிப்சம் தலைகாட்டும் கட்டம் இது. நான்காவதில் சுமார் 95 லிட்டர். உப்பு படியத் தொடங்கும் புள்ளி. ஐந்தாவதில் சுமார் 30 லிட்டர். வடித்துவிட வேண்டிய கசப்பு நீர். 1849இல் உசிக்லியோ என்பவர் மத்தியதரைக்கடல் நீரைக் காய்ச்சிக் கண்ட கணக்கு இது. மரக்காணத்தில் உப்பங்கழி நீரையும் நிலத்தடி உப்புநீரையும் எடுப்பதால் தொடக்க அளவு மாறலாம். படியும் வரிசை மாறாது. ஒவ்வொரு படத்திலும் அதே தொட்டி, அதே இடத்தில், அதே அளவில் இருக்க வேண்டும். நீர்மட்டமும் டிகிரி எண்ணும் மட்டுமே மாற வேண்டும். படத்துக்குப் படம் நிறம், எழுத்து, கோணம் எல்லாம் மாறினால், எது உப்பின் மாற்றம், எது வடிவமைப்பாளரின் ஆசை என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

கேரசலுக்கும் ஒரு பலவீனம் உண்டு. கோடைப் பாத்தியையும் வடகிழக்குப் பருவமழையில் மூழ்கிய பாத்தியையும் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் படத்தில் ஏப்ரல், தள்ளினால் நவம்பர் என்று போடத்தான் கை போகும். 1997இல் ரொனால்ட் ரென்சிங்கும் அவரது கூட்டாளிகளும் செய்த சோதனை இங்கே எச்சரிக்கை. ஒரே காட்சியின் இரண்டு படங்களை மாற்றி மாற்றிக் காட்டினார்கள். இரண்டாவதில் ஒன்று மட்டும் மாறியிருக்கும். நடுவே கண் சிமிட்டும் நேரத்தையும்விடக் குறைந்த வெற்றுத்திரை. அந்தச் சிறு இடைவெளி போதும்: விமானத்தின் எஞ்சின் போன்ற பெரிய பொருள் மறைவதைக்கூடப் பலர் வெகுநேரம் கவனிக்கவில்லை. விரலால் தள்ளும்போது படம் பக்கவாட்டில் வழுக்கிப் போவதும் அதே வேலையைத்தான் செய்யும் என்று நினைக்கிறேன். வரப்பு எவ்வளவு முழுகியது, குவியல்கள் மேல் கீற்று வேய்ந்திருக்கிறதா என்பதெல்லாம் நினைவில் ஒப்பிட முடியாதவை. ஒரே இடத்தில் நின்று எடுத்த இரு படங்களை மேலும் கீழுமாக ஒட்டி ஒற்றைப் படமாக்கினால் கண் தானே போய்வந்து ஒப்பிட்டுக்கொள்ளும். ஒப்பீடு ஒற்றைப் படத்துக்கு உரியது.

எல்லைக்கோட்டில் நிற்கும் விஷயங்களும் உண்டு. காற்று அடங்கிய வெயில் நேரத்தில் பாத்தி நீரின் மேற்பரப்பில் சிறு உப்புப் படிகம் ஒன்று மிதக்கும். தன் எடையால் அது சற்றே அமிழ, நீர்மட்டத்தில் இருக்கும் விளிம்பு மட்டும் மேலும் வளர, படிப்படியாக விரிந்து தலைகீழ்ப் பிரமிடு போன்ற ஒரு குழிவான கிண்ணமாகிவிடும். காற்று அலைத்தால் மூழ்கிவிடும். இது அசைவுதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவானது. நேரத்தைச் சுருக்கி ஓடவிட்டால் அழகாக இருக்கும். ஆனால் அசைபடம் பற்றிய ஆய்வுகளை 2002இல் அலசிய பார்பரா ட்வெர்ஸ்கியும் உடன் எழுதியவர்களும் சொன்னது, படம் விஷயத்தோடு ஒத்துப்போனால் மட்டும் போதாது, கண் தொடரக்கூடிய வேகத்திலும் இருக்க வேண்டும் என்பது. சுருக்கிய வீடியோ 'வளர்கிறது' என்று காட்டும். விளிம்பு மட்டும் ஏன் வளர்கிறது என்று காட்டாது. வியப்பு வேண்டுமானால் சுருக்கிய வீடியோ. காரணம் வேண்டுமானால் பக்கவாட்டு வெட்டுத்தோற்றமாக வரைந்த மூன்று படங்கள். எது வேண்டும் என்பதை எடுப்பவர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

தவறான தேர்வு தன்னைக் காட்டிக்கொடுக்கும். யூடியூபில் எந்த நொடியில் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற வரைபடம் கிடைக்கும். எண்கள் வரும் நொடிகளில் கோடு மேலே துருத்தினால், பலர் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். அந்த இடம் படமாக நின்றிருக்க வேண்டும். மூன்றாம் படத்தில் இருக்கும் விடையையே கேள்வியாகக் கேட்கிறார்கள் என்றால் கேரசலின் முதல் படம் தள்ளவைக்கவில்லை. பார்த்த ஒருவர் கையால் செய்து காட்ட முயன்று 'இப்படியா, அப்படியா' என்றால் அதற்கு வீடியோ தேவை.

தளங்கள் சில காலம் குறும்வீடியோவைத் தூக்கிப் பிடிக்கும், பிறகு வேறொன்றை. அதனால் டிகிரிக் கதையையும் வீடியோவாகத்தான் போட்டாக வேண்டும் என்ற கட்டாயம் வரலாம். அப்போதும் வழி இருக்கிறது: கேமராவை நிறுத்திவைத்து, ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு மூச்சு நேரம் அசையாமல் காட்டி, கடைசியில் நான்கு தொட்டிகளையும் ஒரே சட்டகத்தில் நிறுத்துங்கள். பெயர் வீடியோவாக இருந்தாலும் உள்ளே இருப்பது கேரசல்தான். முடிவில் நிற்பது ஒற்றைப் படம். தளம் கேட்பது கோப்பின் வகையை. அதற்குள் நேரத்தை யார் கையில் கொடுப்பது என்பது இன்னும் எடுப்பவரின் முடிவுதான்.