ரெப்போவும் ரொக்க இருப்பும்: வங்கித் தேர்வில் குழப்பும் இரண்டு விகிதங்கள்

வங்கித் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகளிடம் ரெப்போ விகிதம் எவ்வளவு என்று கேட்டால் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். அதே கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு, "ரிசர்வ் வங்கி சி.ஆர்.ஆரை உயர்த்தினால் வங்கியின் கையில் உள்ள பணம் என்ன ஆகும், ரெப்போவை உயர்த்தினால் என்ன ஆகும்?" என்று கேட்டால் தடுமாற்றம் வருகிறது. தேர்வில் கேட்கப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும் தேர்வில் ஊகித்து எழுதுவது நட்டத்தில் முடியும். ஆகவே இந்த இதழில் விகிதங்களின் பட்டியலைத் தராமல், உண்மையில் நடந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

2022 மே 4. ரிசர்வ் வங்கியின் பணக்கொள்கைக் குழு வழக்கமான அட்டவணைக்கு வெளியே கூடி முடிவெடுத்த நாள். அதற்கு முந்தைய மார்ச் மாதத்தில் சில்லறைப் பணவீக்கம் 6.95 சதவீதம். சட்டப்படி குழுவுக்குத் தரப்பட்டிருந்த இலக்கு 4 சதவீதம். இரண்டு சதவீதப் புள்ளி கூடலாம், குறையலாம். அதாவது 6 என்ற மேல் வரம்பு தாண்டப்பட்டிருந்தது. உக்ரைன் போரால் சமையல் எண்ணெயும் எரிபொருளும் விலை ஏறியிருந்த நேரம் அது. அன்று இரண்டு அறிவிப்புகள் வந்தன. ரெப்போ விகிதம் 4.00 சதவீதத்திலிருந்து 4.40 ஆனது. சி.ஆர்.ஆர். எனப்படும் ரொக்க இருப்பு விகிதம் 4.00லிருந்து 4.50 ஆக உயர்ந்து, மே 21 முதல் நடைமுறைக்கு வரும் என்றார்கள்.

இரண்டும் உயர்வுதான், இரண்டும் பணவீக்கத்தை அடக்கத்தான். ஆனால் செய்யும் வேலை ஒன்றல்ல.

முதலில் சி.ஆர்.ஆர். ஒரு வங்கி மக்களுக்குத் திருப்பித் தரவேண்டிய பணம் 1,000 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சேமிப்புக் கணக்கு, நடப்புக் கணக்கு, நிரந்தர வைப்பு எல்லாம் இதில் அடக்கம். தேர்வில் இதை என்.டி.டி.எல். என்பார்கள். வங்கி கொடுத்த கடன் இதில் சேராது. வங்கிக்கு வரவேண்டியது வேறு, வங்கி தரவேண்டியது வேறு. விடைகளில் "மொத்தக் கடனில்" என்று ஒன்று கண்டிப்பாக இருக்கும், அதில் விழ வேண்டாம். சி.ஆர்.ஆர். 4 சதவீதமாக இருந்தபோது இந்த வங்கி 40 கோடியை ரிசர்வ் வங்கியில் ரொக்கமாக வைத்திருக்க வேண்டும். 4.50 ஆனதும் அது 45 கோடி. கூடுதலாகப் போன 5 கோடியை யாருக்கும் கடன் தர முடியாது. அதற்கு ரிசர்வ் வங்கி வட்டியும் தராது. எல்லா வங்கிகளையும் சேர்த்து அந்த அரை சதவீதப் புள்ளியில் சுமார் 87,000 கோடி ரூபாய் புழக்கத்திலிருந்து ஒதுங்கும் என்று ரிசர்வ் வங்கி அன்றே கூறியது. சி.ஆர்.ஆர். பணத்தின் அளவைத் தொடும் கருவி.

ரெப்போ அப்படியல்ல. வங்கிக்கு அவசரமாகப் பணம் வேண்டும்போது தன்னிடமுள்ள அரசுப் பத்திரங்களை, திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்ற ஒப்பந்தத்தோடு ரிசர்வ் வங்கியிடம் கொடுத்துப் பணம் பெறுகிறது. அந்தப் பணத்துக்கான வட்டிதான் ரெப்போ. அது உயர்ந்தால் வங்கியின் பெட்டியிலிருந்து ஒரு ரூபாய்கூட அன்று வெளியே போவதில்லை. பணத்தின் விலைதான் ஏறுகிறது. 2019 அக்டோபர் முதல் மாறும் வட்டியுள்ள புதிய வீட்டுக் கடன்களை வங்கிகள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்று விதி இருப்பதால், அந்த விலையேற்றம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

எவ்வளவு வருகிறது? 2022 மேயில் தொடங்கிய உயர்வு 2023 பிப்ரவரியில் 6.50 சதவீதத்தில் நின்றது. மொத்தம் 2.50 சதவீதப் புள்ளி, தேர்வு மொழியில் 250 அடிப்படைப் புள்ளிகள். 20 லட்ச ரூபாய் வீட்டுக் கடன், 20 ஆண்டு, 7 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 15,506 ரூபாய். அதே கடன் 9.50 சதவீதமானால் 18,643. மாதம் மூவாயிரத்துக்கு மேல் கூடுதல். பல வங்கிகள் தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டின என்பது வேறு விஷயம். எப்படியானாலும் புதுக் கடன் வாங்க நினைத்தவர் தள்ளிப்போடுகிறார், கடைக்காரர் சரக்கைக் குறைத்து வாங்குகிறார், தேவை தணிகிறது. பணவீக்கம் குறைவது இந்தச் சுற்று வழியில்தான். அதற்கு மாதங்கள் பிடிக்கும்.

அப்படியானால் விலை ஏறும்போதெல்லாம் ரெப்போவை ஏற்றுவார்களா? இங்கேதான் 2023 ஆகஸ்ட் 10 அறிவிப்பைப் பார்க்க வேண்டும். அப்போது தக்காளி விலை எட்டாத உயரத்தில் இருந்தது. அந்த ஜூலை மாதப் பணவீக்கம் 7.44 சதவீதம் என்று சில நாள் கழித்து வந்தது. ஆனாலும் ரெப்போ 6.50லேயே விடப்பட்டது, அக்டோபரிலும் அசையவில்லை. வட்டியை ஏற்றினால் தக்காளி விளையாது. காய்கறி விலை அடுத்த அறுவடையில் தானே இறங்கும் என்று குழு கணித்தது. அதே நாளில் வேறொன்று நடந்தது. 2,000 ரூபாய் நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டதால் வங்கிகளில் பணம் குவிந்திருந்தது. அதை உறிஞ்ச, மே 19க்கும் ஜூலை 28க்கும் இடையே கூடிய பொறுப்புகளில் மட்டும் 10 சதவீதத்தைக் கூடுதல் ரொக்க இருப்பாக வைக்கச் சொன்னார்கள். வழக்கமான சி.ஆர்.ஆர். 4.50லேயே இருந்தது. இந்தத் தற்காலிக ஏற்பாடு அக்டோபர் 7க்குள் படிப்படியாக விலக்கப்பட்டது. விலை ஒரு கருவி, அளவு இன்னொரு கருவி என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

எஸ்.எல்.ஆரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதே பொறுப்புகளில் 18 சதவீதத்தை வங்கி தன்னிடமே ரொக்கம், தங்கம், அரசுப் பத்திரம் ஆகியவற்றில் வைத்திருக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் இதே அளவுதான். பத்திரத்துக்கு வட்டி வரும் என்பது சி.ஆர்.ஆரிலிருந்து இதைப் பிரிக்கும் முக்கிய வேறுபாடு. இன்னொரு நுணுக்கமும் கேட்கப்படுவதுண்டு: ரெப்போவில் கொடுக்க எஸ்.எல்.ஆருக்கு மேல் மிஞ்சிய பத்திரம் வேண்டும். அதுவும் தீர்ந்த வங்கி எம்.எஸ்.எஃப். என்ற வாசலுக்குப் போனால், எஸ்.எல்.ஆர். பத்திரத்திலிருந்தே பொறுப்புகளில் 2 சதவீதம் வரை அடகு வைக்கலாம். அதற்கு வட்டி கொஞ்சம் கூடுதல்.

அந்தக் கூடுதல் எவ்வளவு என்று தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 2022 மே 4 அறிவிப்பில் ரெப்போ 4.40, எம்.எஸ்.எஃபும் வங்கி விகிதமும் 4.65, வங்கிகள் மிச்சப் பணத்தை வைக்கும் எஸ்.டி.எஃப். 4.15. ரெப்போவுக்கு மேலே கால், கீழே கால். 2025 ஜூனில் ரெப்போ 5.50 ஆகக் குறைந்தபோதும் 5.75, 5.25 என்று அதே இடைவெளிதான். அந்த ஜூனில் சி.ஆர்.ஆரையும் நான்கு தவணைகளில் 4லிருந்து 3 சதவீதத்துக்கு இறக்க முடிவானது. கடைசித் தவணை நவம்பர் 29. மே 2022இல் செய்ததன் நேர் எதிர்த்திசை இது.

பழைய வழிகாட்டிப் புத்தகத்தில் சி.ஆர்.ஆர். 4.50 என்றோ 4 என்றோ அச்சாகியிருந்தால் அது அந்தந்தக் காலத்தில் சரியாக இருந்த எண்தான். இன்றைய எண்ணை ரிசர்வ் வங்கி இணையதளத்தின் முதல் பக்கத்தில் Current Rates என்ற பகுதியில் பார்த்து, புத்தக ஓரத்தில் தேதியோடு பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். பணக்கொள்கைக் குழு சுமார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுவதால், தேர்வுக்கு முந்தைய வாரம் இன்னொரு முறையும் பார்த்துவிட வேண்டும்.