அசல் வந்தால் போதும்

2008 ஜனவரி 15 அன்று காலை ரிலையன்ஸ் பவர் நிறுவனத்தின் புதுப் பங்கு வெளியீடு தொடங்கியது. ஒரே நிமிடத்துக்குள், விற்பனைக்கு வைத்த பங்குகள் அத்தனைக்கும் விண்ணப்பம் வந்து சேர்ந்துவிட்டது. நான்கு நாட்களில் வெளியீடு முடிந்தபோது, இருந்த பங்குகளைப்போல் சுமார் 73 மடங்கு பங்குகளைக் கேட்டு விண்ணப்பங்கள் குவிந்திருந்தன. ஏறக்குறைய 11,500 கோடி ரூபாய் திரட்டிய அந்த வெளியீடுதான் அதுவரை இந்தியா கண்டதிலேயே பெரியது. பங்கின் விலை 450 ரூபாய். சில்லறை முதலீட்டாளர்களுக்கு 20 ரூபாய் தள்ளுபடி கொடுத்து 430-க்குக் கொடுத்தார்கள். இந்தப் பங்குக்கு விண்ணப்பிப்பதற்காகவே முதன்முறையாக டீமேட் கணக்கு தொடங்கியவர்கள் உண்டு.

அந்த நிறுவனத்திடம் அப்போது என்ன இருந்தது? 13 மின் திட்டங்கள் வரைபடத்தில் இருந்தன. எல்லாம் கட்டி முடிந்தால் 28,200 மெகாவாட் கிடைக்கும் என்பது கணக்கு. மின்சாரம் விற்று வந்த வருமானம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. நிலம், நிலக்கரி, கடன், மின்சாரத்தை வாங்கப்போகும் மாநில வாரியங்கள் என்று ஒவ்வொன்றும் ஒழுங்காக அமைந்தால்தான் 450 ரூபாய்க்கு அர்த்தம் உண்டு. இதெல்லாம் விண்ணப்பக் கையேட்டில் அச்சாகி இருந்ததுதான். ஆனால் விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் பார்த்தது கையேட்டை அல்ல, எத்தனை மடங்கு விண்ணப்பம் வந்திருக்கிறது என்று தொலைக்காட்சியில் ஓடிய எண்ணை. அத்தனை பேர் கேட்கிறார்கள் என்றால் யாரோ அலசிப் பார்த்துத்தான் கேட்டிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். அந்த ‘யாரோ’வும் இதேபோல் இன்னொருவரைப் பார்த்துத்தான் வரிசையில் நின்றிருந்தார். மந்தை மனப்பான்மை சிறு முதலீட்டாளருக்கு மட்டுமே வரும் நோய் என்று நினைக்க வேண்டாம். பெரிய நிதி நிறுவனங்களுக்கான ஒதுக்கீட்டிலும் அன்று அதே நெரிசல்தான்.

பணம் கட்டி முடித்த சில நாட்களிலேயே உலகச் சந்தைகள் சரிந்தன. ஜனவரி தொடக்கத்தில் 21,000-ஐத் தாண்டியிருந்த சென்செக்ஸ், 21-ஆம் தேதி ஒரே நாளில் 1,400 புள்ளிகளுக்கு மேல் இறங்கியது. பிப்ரவரி 11 அன்று ரிலையன்ஸ் பவர் பட்டியலிடப்பட்டபோது மும்பைச் சந்தையில் 547 ரூபாய் 80 காசுக்குத் திறந்து, மாலையில் 372 ரூபாய் 50 காசில் முடிந்தது. 430 ரூபாய்க்கு 100 பங்கு வாங்கிய ஒருவரை நாமே கற்பனை செய்துகொள்வோம். அன்று மாலை அவர் கையில் இருந்தது 37,250 ரூபாய்; நஷ்டம் 5,750 ரூபாய்.

என் பார்வையில், இந்தக் கதையில் பெரிய சேதம் நடந்தது அந்த மாலைக்குப் பிறகுதான். மந்தையோடு சேர்ந்து தப்பான விலைக்கு வாங்கியதால் போனது 5,750 ரூபாய். மிச்சமெல்லாம் போனது, ‘அசல் வந்தால் போதும், கொடுத்துவிடுகிறேன்’ என்ற முடிவால்.

டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் ஒரு எளிய கேள்வி வருகிறது. நிச்சயமாக 3,000 கிடைக்கும். அல்லது 4,000 கிடைக்க 80 சதவீத வாய்ப்பு, எதுவுமே கிடைக்காமல் போக 20 சதவீத வாய்ப்பு. எதை எடுத்துக்கொள்வீர்கள்? பதில் சொன்னவர்களில் 80 சதவீதம் பேர் நிச்சயமான 3,000-ஐ எடுத்தார்கள். அதே கேள்வியை நஷ்டமாகத் திருப்பிக் கேட்டார்கள். நிச்சயமாக 3,000 போகும். அல்லது 4,000 போக 80 சதவீத வாய்ப்பு, எதுவும் போகாமலிருக்க 20 சதவீத வாய்ப்பு. இப்போது 92 சதவீதம் பேர் சூதாட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சராசரிக் கணக்கில் அதில் 3,200 போகும். 3,000-ஐக் கொடுத்துவிட்டு நகர்வதே மலிவு. ஆனாலும் ‘எதுவும் போகாது’ என்ற அந்தச் சின்ன வாய்ப்பை அவர்களால் விட முடியவில்லை. லாபம் வரும்போது அச்சப்படுகிற அதே மனிதர், நஷ்டம் வந்ததும் துணிச்சல்காரர் ஆகிவிடுகிறார்.

நம்முடைய 100 பங்குக்காரர் நின்றதும் இதே இடத்தில்தான். விற்றால் 5,750 நிச்சய நஷ்டம். விற்காவிட்டால் ஒருவேளை 430 திரும்ப வரலாம். இங்கே கவனிக்க வேண்டியது, 430 என்ற எண்ணுக்குச் சந்தையில் எந்த மதிப்பும் கிடையாது என்பது. அவர் என்ன விலைக்கு வாங்கினார் என்று அந்த நிறுவனத்தின் நிலக்கரிக்கோ வட்டிச் செலவுக்கோ தெரியாது. அந்த எண் அவர் மனதிலும் தரகரின் திரையில் ஒரு பத்தியிலும் மட்டும்தான் இருக்கிறது. இருந்தும் அடுத்த பல ஆண்டு முடிவுகளை அதுதான் எடுத்தது.

இது ஒருவர் இருவரின் பலவீனம் அல்ல. டெரன்ஸ் ஓடியன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு தரகு நிறுவனத்தின் 10,000 கணக்குகளில் 1987 முதல் 1993 வரை நடந்த கொடுக்கல் வாங்கலை எடுத்து அலசினார். ஒருவர் ஏதாவது ஒரு பங்கை விற்கிற நாளில், அவர் கையில் லாபத்தில் இருப்பவை எத்தனை, நஷ்டத்தில் இருப்பவை எத்தனை, அவற்றில் எவை விலைபோயின என்று எண்ணினார். லாபத்தில் இருந்த வாய்ப்புகளில் சுமார் 15 சதவீதம் விற்பனையாயின; நஷ்டத்தில் இருந்தவற்றில் 10 சதவீதம்தான். ‘இறங்கியது ஏறும் என்ற நியாயமான எதிர்பார்ப்பில்தானே வைத்திருக்கிறார்கள்?’ என்று கேட்கலாம். அதையும் அவர் பார்த்தார். விற்றுவிட்ட லாபப் பங்குகள், விற்காமல் வைத்திருந்த நஷ்டப் பங்குகளைவிட அடுத்த ஓராண்டில் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளிகள் அதிகம் ஈட்டியிருந்தன. காய்க்கிற மரத்தை வெட்டிவிட்டுப் பட்ட மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

ரிலையன்ஸ் பவர் விஷயத்தில் அந்தத் தண்ணீர் இரண்டு விதமாகப் போனது. முதலாவது, வெறும் காத்திருப்பு. பட்டியலிட்ட அதே மாதம் நிறுவனம் 5 பங்குக்கு 3 போனஸ் அறிவித்தது. உரிமையாளர் தரப்புக்கு அதில் பங்கு இல்லை. நம் ஆளுக்கு 100 பங்கு 160 ஆனது. பங்கு ஒன்றின் அடக்கவிலை 430-லிருந்து 268 ரூபாய் 75 காசுக்கு இறங்கியது. அவர் எட்டிப் பிடிக்க வேண்டிய எண்தான் இறங்கியதே தவிர, எட்டிப் பிடிக்கும் ஆசை போகவில்லை. ஆந்திராவின் கிருஷ்ணபட்டினம் திட்டம், இந்தோனேசியா நிலக்கரி ஏற்றுமதி விலை விதியை மாற்றியதால் நின்றுபோனது. நிறுவனத்தின் தோளில் கடன் ஏறியது. 2020 தொடக்கத்தில் அந்தப் பங்கு 2 ரூபாய்க்கும் கீழே போனது. 2 ரூபாய் என்றே வைத்தாலும் 160 பங்கின் மதிப்பு 320 ரூபாய். பட்டியலிட்ட நாளில் 37,250 ரூபாயை எடுத்து 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டிருந்தால், 12 ஆண்டில் வரிக்கு முன் சுமார் 84,000 ஆகியிருக்கும். பின்னாளில் அந்தப் பங்கு அந்த அடியிலிருந்து பல மடங்கு ஏறியது உண்மைதான். அந்த ஏற்றம் 2 ரூபாய்க்கு வாங்கியவருக்கு லாபம். 430 கொடுத்தவரின் கணக்கை அது நேராக்கவில்லை.

இரண்டாவது விதம் ‘ஆவரேஜ் செய்வது’. இங்கேதான் அதீத நம்பிக்கை உள்ளே வருகிறது. பங்கு 150 ரூபாய்க்கு வந்தபோது அவர் இன்னொரு 160 பங்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். 24,000 ரூபாய் புதிதாக இறக்கினார்; அடக்கவிலை ஏறக்குறைய 209 ரூபாய் ஆனது. திரையில் நஷ்ட சதவீதம் சட்டென்று சுருங்கியதில் ஒரு நிம்மதி. உண்மையில் நடந்தது, ஒரே நிறுவனத்தில் மாட்டிக்கொண்ட பணம் 43,000-லிருந்து 67,000 ஆனது மட்டும்தான். விலை இறங்கும்போது வாங்குவது எப்போதும் தவறு என்று நான் சொல்லவில்லை. சந்தைக் குறியீட்டு நிதியில் மாதந்தோறும் பணம் போடுகிறவர் இறக்கத்திலும் வாங்கத்தான் செய்கிறார். அவர் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் அத்தனையும் ஒன்றாக மூழ்காது என்று நம்புகிறார். நம் ஆளோ, இந்த ஒரு நிறுவனத்தைப் பற்றிச் சந்தையில் விற்கிறவர்கள் எல்லோரையும்விடத் தனக்கு அதிகம் தெரியும் என்று நம்பினார். அதற்கான புதுத் தகவல் எதுவும் அவரிடம் இல்லை. முதலில் எடுத்த முடிவைத் தப்பென்று ஒப்புக்கொள்ள மனம் வராததே அவருக்கு நம்பிக்கையாக உருமாறியிருந்தது.

இதே நம்பிக்கை வேகமாக ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு எஃப் அண்ட் ஓ வணிகம் சாட்சி. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளை ஆராய்ந்து செபி வெளியிட்ட அறிக்கையின்படி, அதில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் அதிகமான தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் அடைந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். என்னை அதைவிடக் கலங்கடித்த தகவல், இரண்டு ஆண்டு தொடர்ந்து நஷ்டப்பட்டும் நான்கில் மூன்று பேருக்கு மேல் வணிகத்தை நிறுத்தவில்லை என்பது. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற வெறியும், அடுத்த முறை பிடித்துவிடுவேன் என்ற நம்பிக்கையும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன.

சாதாரணப் பங்குகளிலும் அடிக்கடி வாங்கி விற்பது இப்படித்தான் தின்கிறது. ஓடியனும் பிராட் பார்பரும் 1991 முதல் 1996 வரை 66,465 அமெரிக்கக் குடும்பங்களின் கணக்குகளைப் பார்த்தபோது, சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் ஈட்டியிருந்தது. மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்கு மிஞ்சியது 11.4 சதவீதம். அன்றைய தரகுக் கட்டணம் இன்றையதைவிட அதிகம் என்பதால் இதே இடைவெளி இன்றும் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி, பரிவர்த்தனை வரி, குறுகிய கால லாபத்துக்கு 20 சதவீத வரி எல்லாம் இன்றும் ஒவ்வொரு முறையும் கழிகின்றன.

இந்த மூன்றும் நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஓடியன் செய்த கணக்கையே வீட்டில் செய்யலாம். தரகு நிறுவனம் அனுப்பும் ஒப்பந்தச் சீட்டுகளிலிருந்து கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் விற்ற பங்குகளைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றும் விற்ற நாளிலிருந்து ஓராண்டில் எங்கே போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே நாளில் நஷ்டத்தில் கிடந்தும் விற்காமல் விட்டவை எங்கே போயின என்று பக்கத்தில் எழுதுங்கள். பத்துப் பதினைந்து விற்பனை என்றால் தற்செயலும் கலந்திருக்கும். ஆனால் விற்றவை எல்லாம் லாபத்திலும் வைத்திருப்பவை எல்லாம் நஷ்டத்திலும் இருந்தால், உங்களுக்காக முடிவெடுப்பது அடக்கவிலைதான். பிறகு, கையிருப்புப் பட்டியலில் வாங்கிய விலை இருக்கும் பத்தியைத் தாளால் மூடிவிட்டு, ஒவ்வொரு பங்கையும் இன்றைய விலைக்குப் புதிதாக வாங்குவேனா என்று கேட்டுப் பாருங்கள்.

வாங்கமாட்டேன் என்று பதில் வரும் பங்கை விற்றால், அந்த நஷ்டத்துக்குச் சட்டத்தில் ஒரு பயன் உண்டு. குறுகிய கால மூலதன நஷ்டத்தை இரண்டு வகை மூலதன லாபத்திலும் கழிக்கலாம். நீண்ட கால நஷ்டத்தை நீண்ட கால லாபத்தில் மட்டும். மீதியை 8 ஆண்டுகள் வரை அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம். அதற்கு அந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். விற்காமல் திரையில் சிவப்பாகக் கிடக்கும் நஷ்டத்துக்கு இந்தச் சலுகை கிடையாது.